வேலை மாறும் இடைவெளியில் ஐந்து நாள்: சுற்றுவதா, ஓரிடத்தில் இருப்பதா?

மஸ்கெலியா பையன்: ஜூன் 30 அன்று கொழும்பு வேலை முடிகிறது, புதியது ஜூலை 14 தொடங்குகிறது. நாலு வருடமாக ஒழுங்கான லீவு எடுக்கவில்லை. தனியாக ஐந்து நாள், கையில் 30,000 ரூபா. நுவரெலியா, ஹோட்டன் சமவெளி, எல்ல மூன்றையும் பார்த்துவிடலாமா? வீட்டுக்குப் போ என்று மட்டும் சொல்லாதீர்கள். லயத்துக்குப் போனால் கூரைத் தகரம் மாற்றுவதிலேயே லீவு போய்விடும்.

ஊவாக்காரர்: தம்பி, ஜூலையில் நுவரெலியாப் பக்கம் போனால் அறைக்குள் போர்வையோடுதான் இருப்பாய். தென்மேல் பருவமழை ஹட்டன், நானுஓயாப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, மலைமுகட்டைத் தாண்டும்போது வெறும் காற்றாகத்தான் வரும். ஊவாவில் அதைக் கச்சான் என்போம். பண்டாரவளை, ஹப்புத்தளையில் அப்போது வெயில்தான். ஹப்புத்தளை அந்த முகட்டிலேயே இருப்பதால் காற்று மட்டும் தலையைப் பிய்க்கும், காது மூடும் தொப்பி கொண்டு போ. ரயிலில் பட்டிப்பொலவில் மழையைப் பார்த்துவிட்டு, ஹப்புத்தளையில் காய்ந்த மேடையில் நான் இறங்கியிருக்கிறேன்.

அங்கேயே நாலு இரவு தங்கு. தமிழில் கேட்டு, நாலு இரவு என்று முதலிலேயே சொன்னால், எளிமையான அறை 3,500க்குப் படியும். அது 14,000. சாப்பாட்டுக்கு நாளைக்கு 1,500 வைத்தால் 7,500. பயணத்துக்கு 4,000. இன்னும் 4,500 மிச்சம் இருக்கும்.

ஊர்சுற்றி: நாலு நாளும் ஒரே ஊரிலா? அதற்கு வீட்டிலேயே தூங்கலாமே. ஹோட்டன் சமவெளிக்கு வேன் பிடித்தால்தான் செலவு. ஒஹியாவில் ரயிலை விட்டு இறங்கி நடந்தால் வேன் காசே வேண்டாம். காசு போதவில்லை என்றால் வேலை விட்டதும் சேமலாப நிதியை எடுத்துக்கொள்ளலாம், நண்பன் ஒருவன் எடுத்தான்.

ஊவாக்காரர்: ஒஹியாவிலிருந்து பாதை இருப்பது உண்மைதான். ஆனால் அது ஏறத்தாழ 11 கிலோமீட்டர், முழுக்க ஏற்றம். சமவெளியின் உலக முடிவு விளிம்பில் காலை ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு பெரும்பாலும் பனி மூடிவிடும். நீ ரயிலில் வந்து ஏறி முடிக்கும்போது வெள்ளைச் சுவரைத்தான் பார்ப்பாய்.

கணக்கு அக்கா: உங்கள் நண்பர் எடுத்தது சேமலாப நிதியாக இருக்காது. வேலை மாறுகிறோம் என்பதற்காக அதைத் தரமாட்டார்கள். நம்பிக்கைப் பொறுப்பு நிதியைத்தான் வேலையை விட்டதும் கேட்கலாம். ஆனால் ஒருமுறை எடுத்தால், வேலை மாறுவதைக் காட்டி மறுபடி எடுக்க ஐந்து வருடம் பொறுக்க வேண்டும். விண்ணப்பித்த மறுநாளே கையில் விழும் காசும் இல்லை. ஐந்து நாள் லீவுக்காக அதைத் தொடாதே தம்பி.

தெமோதரை: என் கதையைக் கேளுங்கள். போன வருடம் இதே மாதிரிச் சந்தோஷமாகச் சுற்றிவிட்டு வந்தேன். புதிய கம்பனி வேலை தொடங்கும் தேதியை ஒரு மாதம் தள்ளிவிட்டது, அதுவும் போனில். அறை வாடகைக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. 30,000 முழுவதும் செலவழிக்கவா இருக்கிறது, அல்லது அதுதான் உன் மொத்தச் சேமிப்பா?

மஸ்கெலியா பையன்: அண்ணா, இரண்டு மாத வாடகை தனியாக இருக்கிறது. சரி, ஹப்புத்தளை என்றே வைப்போம். தேயிலைக்குள் பிறந்தவன் நான், அங்கே தேயிலையைப் பார்க்கவா போவேன்?

ஊவாக்காரர்: நல்ல கேள்வி. விடியற்காலையில் தம்பேதன்ன பஸ்ஸில் ஏறு. தோட்டத்து ஆட்களோடு வேலைக்குப் போகிறவன் மாதிரி இருப்பாய், ஆனால் உனக்கு வேலை கிடையாது. அந்தச் சுகத்தை அங்கே போய்த்தான் அறிய முடியும். கடைசியில் இறங்கினால் 1890இல் லிப்டன் கட்டிய தொழிற்சாலை, அங்கிருந்து லிப்டன் சீட் வரை ஏழு கிலோமீட்டர் நடை. மேலே போகும்போது ஆட்டோ, இறங்கும்போது கால் என்று வைத்துக்கொண்டால் மூச்சு வாங்காது என்பார்கள். நான் எதிர்மாறாகத்தான் செய்வேன், ஏறும்போதுதான் நின்று நின்று பார்க்கத் தோன்றும். வழியில் ஒரு வளைவில், சாக்கு விரித்து கொழுந்து நிறுக்கும் இடத்தில் பிளேன்டி கிடைத்தது எனக்கு. கிலோ கணக்கில் கழிவு எவ்வளவு போடுகிறார்கள் என்று கேட்டுப் பார், உங்கள் தோட்டத்தோடு ஒப்பிட்டு அரை மணி பேசலாம்.

அடிஷம் பங்களா சனி, ஞாயிறு, போயா, பள்ளி விடுமுறை நாட்களில்தான் திறந்திருக்கும். வாரநாளில் போய்க் கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான்.

ஊர்சுற்றி: எல்லவுக்கு ஒரு நாளாவது போகட்டும். ஹப்புத்தளையிலிருந்து ரயிலில் பக்கம்தானே.

ஊவாக்காரர்: அதில் தவறில்லை. மூன்றாம் வகுப்பில் காலையில் போய் மாலையில் திரும்பலாம், அறையை மாற்றாமல். ஆனால் மழையில் மண்சரிந்து பாதை அடைபட்டிருக்கலாம், நிலையத்தில் முதல்நாளே கேட்டுக்கொள்.

கணக்கு அக்கா: அந்த மிச்ச 4,500ஐ என்ன செய்யப் போகிறாய்?

மஸ்கெலியா பையன்: அம்மாவுக்கு ஒரு தகரம் வாங்கலாம் என்று தோன்றுகிறது. சிரிக்காதீர்கள்.