புதுப்பிப்பு: கிளைக் குழுவில் சீனியர்களோடு வேலை

"சி.ஏ. முடித்து இரண்டு வருடம். சி.ஏ. இன்ஸ்டிடியூட்டின் கிளைக் குழுவில் சேர்ந்தால் சீனியர்களிடம் வேலை கற்க முடியுமா?"

முன்பு நான் கேட்ட இந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. தேர்தலில் நிற்கச் சொன்னவர் கேள்வியை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். கருத்தரங்குக் குழுவைச் சொன்னவர் பாதி சரி: சீனியர்கள் வந்தார்கள், நான் வருகைப் பதிவேட்டோடு வாசலில் நின்றேன்! பலித்தது, "அரசுக்கு அனுப்பும் பட்ஜெட் கோரிக்கை மனுவுக்கு வரைவு எழுதக் கேள்" என்ற யோசனைதான்.

சிறு நிறுவனங்களுக்குத் தாமதமாகப் பணம் தருவது தொடர்பான, 1961 வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு பற்றி, "45 நாள் கெடு" என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு சீனியர் அடித்துவிட்டு, "எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால்?" என்றார். அப்படி இல்லாவிட்டால் கெடு 15 நாள்தான். அப்புறம், குறைகளை மட்டும் அடுக்காமல் மாற்று வாசகத்தையும் எழுத வைத்தார்.

எதிர்பாராதது, மூன்று இரவு வேலை. "கிளையன்ட் வருவார்கள்" என்றாரே ஒருவர், இதுவரை யாரும் வரவில்லை.