குன்னூர் குடும்பம் குரூப்: பவி நிச்சயத்துக்கு ரவிக்கை என்ன கலர்?

கவிதா: எல்லாருக்கும் காலை வணக்கம். நேத்து கோயமுத்தூர் போய் பவிக்கு நிச்சய புடவை எடுத்தாச்சு. கடுகு மஞ்சள் உடம்பு, பாட்டில் பச்சையில பெரிய கரை, முந்தியும் பச்சை. போட்டோ போட்டிருக்கேன் பாருங்க. ரவிக்கை பச்சையா மஞ்சளா? செல்வி இன்னிக்கே வெட்டணும்ங்கறா

பெரியப்பா: வாழ்க வளமுடன் 🙏

பார்வதி அத்தை: அழகா இருக்கு கவிதா. பச்சை ரவிக்கைதான், இதுல என்ன யோசனை, கரை கலருக்குத்தான் ரவிக்கை, காலங்காலமா அப்படித்தான்

ரமேஷ் மாமா: ஒரு விஷயம். மஞ்சளுக்கு எதிர் கலர் ஊதா. பச்சை மஞ்சளுக்கு பக்கத்து கலர். அதனால இந்த புடவைல கான்ட்ராஸ்டே கிடையாது, எல்லாம் ஒரே குடும்பம். ரவிக்கையாவது ஊதால போடுங்க, எடுப்பா இருக்கும்

பவி: மாமா ஊதாவா 😭

செல்வி: அண்ணா நீங்க சொன்னதுல பாதி சரி. மஞ்சளும் பச்சையும் பக்கத்து கலருங்கதான், அதனாலதான் கண்ணுக்கு உறுத்தாம ஒத்துப்போகுது. ஆனா கான்ட்ராஸ்ட் இல்லைன்னு சொல்ல முடியாது. அக்கா அந்த போட்டோவ போன்ல எடிட் போய் கருப்பு வெள்ளையா மாத்தி பாருங்க

கவிதா: மாத்திட்டேன். உடம்பு வெளுப்பா, கரை கிட்டத்தட்ட கருப்பா தெரியுது

செல்வி: அதான். கண்ணு முதல்ல பிடிக்கிறது இந்த வெளுப்பு கருப்பைத்தான், என்ன கலருங்கறது அப்புறம். கருப்பு வெள்ளைல இவ்ளோ பிரிஞ்சு தெரிஞ்சா கல்யாண மண்டபத்துல கடைசி நாற்காலில இருந்து பாத்தாலும் கரை தனியா வெட்டி தெரியும்

பார்வதி அத்தை: அட! என் கல்யாண புடவை அரக்கு, கரை கரும்பச்சை. நேர்ல அவ்ளோ எடுப்பா இருக்கும். ஆனா கருப்பு வெள்ளை போட்டோல கரையே காணோம், ஒரே இருட்டு. இத்தனை வருஷமா போட்டோகாரரத்தான் திட்டிட்டு இருந்தேன்

செல்வி: அத்தாச்சி அது போட்டோகாரர் தப்பு இல்லீங்க. அரக்கும் கரும்பச்சையும் எதிரெதிர் கலர்தான், ஆனா ரெண்டும் ஒரே அளவு இருட்டு. கலர் எதிரா இருந்தா மட்டும் போதாதுங்கறதுக்கு உங்க புடவையே சாட்சி

பார்வதி அத்தை: அந்த புடவைய எங்க மாமியார் தேடி எடுத்தாங்க, என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, அதை விடு

பெரியப்பா: பர்லியார் பக்கம் ரோட்டுல மண் விழுந்துருச்சுன்னு சொல்றாங்களே. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எந்த வழி வருவாங்க?

ரமேஷ் மாமா: அண்ணே அது போன மழைக்கு வந்த வீடியோ. எதுக்கும் மேட்டுப்பாளையத்துல இருந்து கோத்தகிரி வழியா வரச் சொல்லலாம்

கவிதா: மாமா அதை அப்புறம் பேசலாங்களா. செல்வி, அப்ப பச்சை வேண்டாமா?

செல்வி: சொல்றேன் அக்கா, கொஞ்சம் நீளமா வரும். பவிக்கு தோள்ல இருந்து தரை வரைக்கும் நேத்து அளந்தேன், 49 இஞ்ச். அதுல இடுப்புல இருந்து தரை 37, இடுப்புக்கு மேல 12. கரை 14 இஞ்ச், கட்டினா முட்டிக்கு கொஞ்சம் கீழ வரை பச்சை வரும். இப்ப பச்சை ரவிக்கை போட்டா மேல 12 பச்சை, நடுவுல 23 மஞ்சள், கீழ 14 பச்சை. கூட்டி பாருங்க, பச்சை 26 மஞ்சள் 23, கிட்டத்தட்ட சரிபாதி, அதுவும் மூணு துண்டா. எது முக்கியம்னு கண்ணுக்கு தெரியாது, ஆளை ரெண்டு இடத்துல வெட்டின மாதிரி ஆகி 4 அடி 11 இஞ்ச் பொண்ணு இன்னும் குட்டையா தெரிவா. மஞ்சள் ரவிக்கைன்னா மேல இருந்து 35 இஞ்ச் ஒரே ஓட்டமா மஞ்சள், கீழ 14 மட்டும் பச்சை. துணியும் அதே, கலரும் அதே, பங்கு மாறினதும் ஆளே உசரமா தெரியும்

பவி: சித்தி மஞ்சள் மஞ்சள் 🙌

பார்வதி அத்தை: அப்ப எங்க வீட்டு பொண்ணு குட்டைங்கறியா

செல்வி: ஐயோ இல்லீங்க அத்தாச்சி

கவிதா: 🙏 அண்ணி அவ அப்படி சொல்லலை

பார்வதி அத்தை: சும்மா கேட்டேன். எங்க அம்மாவும் அதே உசரந்தான்

செல்வி: இன்னொண்ணு இருக்கு, இதை விட்டா மேல சொன்ன கணக்கெல்லாம் வீண். முந்தானைய மடிப்பு வச்சு பின் குத்தும்போது கரை பக்கம்தான் முன்னாடி மேல வரும். மடிப்பு அகலம் 5 இஞ்ச், கரை 14 இஞ்ச். அப்ப நெஞ்சுக்கு குறுக்க தெரியற மடிப்பு முழுக்க பச்சை, மஞ்சள் உள்ள ஒளிஞ்சுக்கும். மஞ்சள் ரவிக்கை போட்டும் பச்சை ரவிக்கை போட்ட மாதிரியே ஆயிடும். அதனால மடிப்பு வைக்காம ஒத்தையா விடணும், அப்பதான் நெஞ்சுல மஞ்சள் அகலமா தெரியும், பச்சை சாய்வா ஓரத்துல இறங்கும்

கவிதா: ஒத்தையா விட்டா கைல விழுந்துட்டே இருக்குமே, தட்டு மாத்தறப்ப, கால்ல விழுந்து கும்பிடறப்ப?

செல்வி: தோள்ல ஒரு பின், முழங்கை கிட்ட ஒரு பின். கஷ்டந்தான், இல்லைன்னு சொல்லல

பவி: கும்பிடற வரைக்கும் மடிப்பு, போட்டோவுக்கு ஒத்தை?

கவிதா: அன்னிக்கு யாருக்கு நேரம் இருக்கும்

பவி: சித்தி ராணி ரோஸ்ல ரவிக்கை போட்டா? ஃப்ரெண்டு ஒருத்தி போட்டிருந்தா சூப்பரா இருந்துச்சு

ரமேஷ் மாமா: அதான் பச்சைக்கு எதிர். நான் சொன்னது!

செல்வி: கண்ணு, ரோஸ் தனியா வச்சா சாந்தமா இருக்கும், பச்சை பக்கத்துல வச்சா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தூக்கி விட்டு கத்தும். கத்தற கலர் கொஞ்சமா இருக்கணும். கை விளிம்புல கால் இஞ்ச் பைப்பிங் ரோஸ்ல குடுக்கறேன், தலைல ரோஜா வை. பத்தாது?

பவி: ம்ம் 🤔

செல்வி: முழங்கை வரை கை வேணுங்கறியே, அதையும் யோசி. கை தொங்க விட்டா முழங்கை இடுப்பு உசரத்துல வரும். பைப்பிங் அங்க வந்தா இடுப்புக்கு குறுக்க ரெண்டு பக்கமும் கோடு போட்ட மாதிரி இருக்கும், அகலமா காட்டும். ரெண்டு இஞ்ச் மேல நிறுத்திக்கலாம்

பவி: குளிருமே சித்தி

பார்வதி அத்தை: எனக்கு ஊதா புடவை ஒண்ணு இருக்கு, அன்னிக்கு நான் அதை கட்டவா?

பெரியப்பா: வர்க்கி எத்தனை கிலோ சொல்லட்டும்? வந்தவங்களுக்கு பாக்கெட் போட்டு குடுக்கணும்

ரமேஷ் மாமா: 10 கிலோ

கவிதா: 10 பத்தாது மாமா. செல்வி, புடவையோட வந்த ரவிக்கை துணி பச்சைதான், மஞ்சள் தனியா வாங்கணும். இங்க பெட்ஃபோர்ட்ல பாக்கறேன்

செல்வி: கடை லைட்ல பாத்து வாங்கிராதீங்க அக்கா. போன வருஷம் ஒருத்தங்க அப்படித்தான் கொண்டு வந்தாங்க, கடைக்குள்ள புடவையும் துணியும் ஒரே மஞ்சள், வெளிய வாசல்ல வச்சா துணி மட்டும் எலுமிச்சை பச்சை அடிச்சுது. தச்சு முடிச்சதுக்கு அப்புறம்தான் பாத்தோம், அழுதுட்டாங்க. புடவைய கையோட எடுத்துட்டு போங்க, ரெண்டையும் சேர்த்து வாசலுக்கு கொண்டு வந்து பகல் வெளிச்சத்துல பாருங்க. அச்சா கிடைக்கலைன்னா ஒரு படி அழுத்தமா எடுங்க, வெளுப்பா வேண்டாம். அழுத்தம் வேணும்னே எடுத்த மாதிரி இருக்கும், வெளுப்பு சாயம் போன மாதிரி இருக்கும்

கவிதா: இன்னிக்கு ஒரே மிஸ்ட்டு, எதிர் வீடே தெரியல

செல்வி: மிஸ்ட்டும் பகல் வெளிச்சந்தான், பரவால்ல. மத்தியானம் கொஞ்சம் விட்டதும் போங்க

ரமேஷ் மாமா: வெளிய போட்டோ எத்தனை மணிக்கு?

கவிதா: ஆறு மணிக்கு மேல

செல்வி: அவ்ளோ லேட்டா? அந்த நேரத்துல பச்சை கருப்பாயிடும், அஞ்சுக்குள்ள முடிச்சுடுங்க

கவிதா: அவங்க வந்து சேர்றதே அஞ்சு மணி

பெரியப்பா: அதான் கேக்கறேன், பர்லியாரா கோத்தகிரியா?

பார்வதி அத்தை: ஊதா பத்தி யாரும் சொல்லவே இல்லை

செல்வி: கட்டுங்க அத்தாச்சி, பவி பக்கத்துல நின்னா மஞ்சள் இன்னும் பளிச்சுனு இருக்கும்

பார்வதி அத்தை: ❤️ சரி. ஆனா ரவிக்கை பச்சைதான் எனக்கு தோணுது

கவிதா: துணி கிடைச்சா போட்டோ போடறேன்