20-க்கு 18 மெல்லிசு என்று நினைத்து வாங்கிய மூக்குத்தி

தாழம்பூ

நான் போட்டிருந்தது 20 கேஜ் மூக்குத்தி. கல் விழுந்துவிட்டதால் ஆன்லைனில் புதுசு தேடினேன். ஒன்று 20 என்றும் இன்னொன்று 18 என்றும் போட்டிருந்தது. எண் குறைந்தால் தண்டும் மெல்லிசாகத்தானே இருக்கும், சுலபமாக நுழையும் என்று 18-ஐ எடுத்தேன். கூடவே ஒரு வளையமும் வாங்கினேன், 20 கேஜ், 8 மி.மீ.

நேற்று ராத்திரி கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் போராடினேன். மூக்குத்தி பாதி போய் நின்றுவிட்டது. எடுத்துப் பார்த்தால் துளையைச் சுற்றிச் சிவப்பு. சரி, இது என் தப்பு. ஆனால் வளையம் நுழைந்தது, நுழைந்தும் மூக்கின் ஓரத்தை மடக்கிப் பிடிக்கிறது. என் பழைய வளையமும் 8 மி.மீ.தான், அது தளதளவென்று ஆடும். அது ஏன் என்றுதான் புரியவில்லை.

கம்பிமேடை

எங்க வீட்டில் தலைமுறையாக நகை வேலை. கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெல்லிசாகும். கம்பியை அச்சுத் துளையில் ஒவ்வொரு தடவை இழுக்கும்போதும் அது மெலியும், எண் ஏறும், அப்படி ஞாபகம் வைத்துக்கொண்டால் குழப்பமே வராது. 20 என்றால் 0.9 மி.மீ., 18 என்றால் 1.2. அதனால்தான் மாட்டிக்கிச்சு. கொஞ்சம் எண்ணெய் தடவி மெதுவாகத் தள்ளுங்க, போயிடும்.

ஊசிநுனி

துளை குத்துவது என் தொழில், பதினோரு வருஷம் ஆகுது. கம்பிமேடை அண்ணன் திசையைச் சரியாகச் சொன்னார். ஆனால் அவர் சொன்ன அளவு நகைக்கம்பி விற்பவர்களின் பிரிட்டிஷ் அட்டவணை. மூக்குத்தி, காதுத் தண்டு விற்கும் பக்கங்களில் பெரும்பாலும் வேறு அட்டவணை: 20 என்றால் 0.8, 18 என்றால் 1.0, 16 என்றால் 1.2 மி.மீ. ஆக ஒருவரின் 18-உம் இன்னொருவரின் 16-உம் ஒரே தடிமன்! கேஜ் எண்ணை மட்டும் நம்பாமல் பக்கத்தில் மி.மீ. போட்டிருக்கா என்று பாருங்க. போடவில்லை என்றால் கேட்டுவிட்டு வாங்குங்க.

0.8-க்கும் 1.0-க்கும் வெறும் 0.2 வித்தியாசம்தானே என்று தோணும். ஆனால் துளைக்கு அது கால் பங்கு பெரிசு. எண்ணெய் தடவித் தள்ளச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். ஆறின துளையை அகலப்படுத்தணும்னா அதற்குக் கூம்பு வடிவக் கம்பியும் பொறுமையும் வேணும். இப்போ சிவந்திருக்கு, பழைய அளவையே போட்டு விட்டுடுங்க தங்கச்சி.

வளையத்துக்கு: மூக்கின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டின் விளிம்பை ஒட்டி வைத்து, துளை வரும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைங்க. அப்புறம் அளவுகோலில் எத்தனை மி.மீ. என்று பாருங்க. புது வளையம், பழைய வளையம் இரண்டின் உள் அகலத்தையும் அளந்து எழுதுங்க.

கம்பிமேடை

நான் பார்த்த வரை எண்ணெயில் போகாத மூக்குத்தி இல்லை. இருந்தாலும் அட்டவணை இரண்டு இருக்கு என்பது எனக்குப் புதுசு. என்னோடது கம்பி வாங்கும் கணக்கு, ஒத்துக்கறேன்.

மாடிவீட்டு ராதா

எனக்கும் இதே பிரச்சினைதான்! காதில் போட்ட கம்மல் பின்பக்கம் தள்ளிக்கொண்டு தலையணையில் குத்துது. தண்டு 11 மி.மீ. இருக்கு. கேஜ் மாத்தினால் சரியாகுமா?

ஊசிநுனி

ராதா அக்கா, அது கேஜ் இல்லை, நீளம். சாதாரணக் கம்மலின் தண்டு 10, 11 மி.மீ. வருவது வழக்கம். அதில் காது மடலின் தடிமனும் பின்னால் மாட்டும் திருகின் தடிமனும் போக மிச்சம் நீட்டிக்கொண்டு நிற்கும். உங்க மடல் 4 மி.மீ. என்று வைங்க, திருகு 3 மி.மீ., மீதி 4 மி.மீ. கழுத்துப் பக்கம் நீட்டும். அதுதான் குத்துது. படுக்கும்போது போட, பின்னால் தட்டையான வட்டு வைத்த வகை எடுங்க. அதில் 6, 8 என்று சொல்லும் எண் இரண்டு தட்டுக்கும் நடுவே மடல் உட்காரும் இடத்தின் நீளம், முழு நீளம் இல்லை. அதனால் உங்க மடலைவிடச் சற்று அதிகமாக எடுக்கணும். இது ஆறின காதுக்கு மட்டும். புதுசா குத்தினால் வீங்கும், நீளம் கூடுதலாக வேணும். குட்டைத் தண்டாக இருந்தால் வட்டு தோலுக்குள் புதைந்துபோன கதைகளை நான் நேரில் பார்த்திருக்கேன்.

தாழம்பூ

அளந்துவிட்டேன். மூக்கின் ஓரத்திலிருந்து துளை வரை 6.5 மி.மீ. பழைய வளையத்தின் உள் அகலம் 8. புதியது உள்ளே 6.4தான், வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரைக்கும்தான் 8!

ஊசிநுனி

பிடிச்சீங்க. கம்பி இரண்டு பக்கமும் 0.8, ஆக 1.6 போக 6.4. உங்க மூக்குக்கு 6.5 வேணும், வளையத்துக்குள் 6.4தான் இருக்கு, எப்படி நிற்கும்? ஓரத்தை மடக்கித்தான் நிற்கும். பழையதை விற்றவர் உள் அளவு சொல்லியிருக்கார், புதியவர் வெளி அளவு. இரண்டும் ஏமாற்று இல்லை, எது என்று சொல்லாததுதான் தொல்லை. பூ வேலை வைத்த தடித்த வளையம் என்றால் இன்னும் மோசம். 2 மி.மீ. தடிமனில் வெளி அளவு 8 என்றால் உள்ளே 4தான் மிஞ்சும். ஓரத்தை ஒட்டி இருக்கணும்னா உங்க அளவுக்கு மேல் 1 மி.மீ. விட்டு 7.5, ஆடணும்னா 8 இல்லை 9 உள் அளவு கேளுங்க.

நிலாமுற்றம்

நான் ஒரு அளவுப் படத்தை அச்சிட்டு, வளையம் வைத்துப் பார்த்து வாங்கினேன். வந்தது பெரிசா இருந்துச்சு. அச்சிடும்போது "தாளுக்குப் பொருத்து" என்று விட்டிருந்தேன், படம் சுருங்கிடுச்சு. படத்தின் ஓரத்தில் 5 செ.மீ. கோடு ஒன்று இருந்தது, அளவுகோலை வைத்துப் பார்த்தால் 4.7தான். அந்தக் கோட்டை முதலில் பார்த்திருக்கணும்.

தாழம்பூ

சரி, இன்னொன்று. எல் வடிவ மூக்குத்தியில் 6.5 மி.மீ. என்று போட்டால் கல்லுக்குப் பின்னாலிருந்து வளைவு வரைக்கா, இல்லை வளைந்த வால் சேர்த்தா?

ஊசிநுனி

வளைவு வரைக்கும்தான். நான் வாங்கும் இடங்களில் அப்படித்தான் இருக்கு.

கம்பிமேடை

எங்களிடம் கேட்டால் கம்பி முழு நீளத்தைத்தான் சொல்வோம், வெட்டும்போது அதுதானே கணக்கு. விற்பவரிடமே படம் போட்டுக் கேளுங்க.

தாழம்பூ

கேட்டிருக்கேன், பதில் வரலை. 18-ஐத் திருப்பி எடுக்கமாட்டாங்களாம், மூக்கில் போட்டுப் பார்த்த நகையாம். இப்போதைக்கு அதே பழைய மூக்குத்தி, கல்லில்லாமல்.