உதவி தேவை: "வேறு எந்தச் செலவும் இல்லை" என்று கேப்ஷனில் எழுதியிருந்தேன், சிங்கப்பூரில் வாசலில் வரி கேட்டுவிட்டார்கள்

சுங்குடிப் பெட்டி (மதுரை)

வணக்கம். மூன்று ஆண்டுகளாக இன்ஸ்டாகிராம் வழியாகச் சுங்குடிச் சேலைகள் விற்று வருகிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்காக ஒவ்வொரு படத்தின் கீழும் நான் போட்டுவந்த கேப்ஷன் இதுதான்:

"உலகெங்கும் அனுப்புகிறோம்! 7 நாட்களில் உங்கள் வீட்டு வாசலில். கூரியர் கட்டணத்தைத் தவிர வேறு எந்தச் செலவும் இல்லை. ஜிபே, பேபால் உண்டு."

சென்ற மாதம் சிங்கப்பூரில் இருக்கும் ஒரு குடும்பம், கல்யாணத்தில் உறவினர்களுக்கு வைத்துக் கொடுப்பதற்காக 18 சேலைகள் கேட்டது. சேலை ஒன்று 1,400 ரூபாய் என்பதால் மொத்தம் 25,200 ரூபாய். கூரியர் கட்டணம் தனியாக 4,600 ரூபாய். அந்த ஊரில் 400 டாலர் வரை வரி கிடையாது என்று அறிந்திருந்தேன். டாலருக்கு 66 ரூபாய் என்று வைத்துப் பார்த்தபோது சரக்கின் விலை 382 டாலர்தான் வந்தது என்பதால், வரி வராது என்று அவர்களிடம் உறுதியாகவே சொல்லிவிட்டேன். பார்சல் வாசலுக்குப் போனபோது வரியும், வரியை முன்கூட்டிக் கட்டியதற்காகக் கூரியர் நிறுவனத்தின் கட்டணமும் கேட்கப்பட்டன. அவர்கள் என் கேப்ஷனைப் படம் பிடித்து எனக்கே அனுப்பி, பணம் கட்ட மறுத்துவிட்டார்கள். கடைசியில் இரண்டையும் நானே ஏற்க நேர்ந்தது. இதற்கு முன்பே, எட்டாம் நாள் காலையில், "பொருள் வரவில்லை" என்று பேபாலில் புகார் பதிந்து பணத்தையும் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

என் கணக்கு எங்கே தவறியது? கேப்ஷனை இனி எப்படி எழுத வேண்டும்?

வைகைக் கரையோரம்

இறக்குமதி வரி என்பது வாங்குபவரின் பொறுப்பு. அதில் நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. "வரி உங்களுடையது" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் போதும். அடுத்த முறை இதே ஆர்டரை ஒன்பது ஒன்பதாகப் பிரித்து இரண்டு பார்சலாக அனுப்புங்கள், வரியே வராது. பணத்துக்கும் பேபால் வேண்டியதில்லை. சிங்கப்பூரின் பேநௌ 2023இலேயே நம் யூபிஐயுடன் இணைக்கப்பட்டுவிட்டதே, அதில் வாங்கிக்கொள்ளலாம்.

சின்னாளபட்டி நெசவு

அக்கா, எனக்கும் இதே அனுபவம் உண்டு. வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டதால் படிவத்தில் "அன்பளிப்பு, 500 ரூபாய்" என்று எழுதி அனுப்பத் தொடங்கினேன். ஓராண்டாக ஒரு சிக்கலும் வரவில்லை. ஆனால் போன ஆடி மாதம் ஒரு பார்சல் வழியில் தொலைந்துபோனது. நான்கு சேலைகளுக்கு இழப்பீடு கேட்டபோது, நீங்களே எழுதிய மதிப்பு 500 ரூபாய்தானே என்று அந்தத் தொகையையே பேசினார்கள். ஆகவே அந்த வழிக்கு மட்டும் போய்விடாதீர்கள். ஒரு சந்தேகம்: சேலையோடு அப்பளமும் வைத்து அனுப்பலாமா?

சரக்குப் பத்திரம்

தூத்துக்குடியிலும் சென்னையிலும் சுங்க முகவர் அலுவலகங்களில் பத்தொன்பது ஆண்டுகள் ஆவணம் எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

உங்கள் கணக்கு தவறியது ஒரே இடத்தில்தான். சிங்கப்பூரின் 400 டாலர் வரம்பு சேலையின் விலைக்கு மட்டும் உரியதன்று. சரக்கு விலை, அனுப்பும் செலவு, காப்பீடு எடுத்திருந்தால் அதுவும் என எல்லாம் சேர்ந்த மதிப்புக்கு உரியது. உங்கள் 25,200 ரூபாயோடு கூரியரின் 4,600 ரூபாயைக் கூட்டினால் 29,800 ரூபாய், அதாவது நீங்கள் கொண்ட விகிதப்படி ஏறத்தாழ 451 டாலர். வரம்பைத் தாண்டிவிட்டால் தாண்டிய 51 டாலருக்கு மட்டும் வரி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியன்று, முழு 451 டாலருக்கும் 9 விழுக்காடு சரக்கு சேவை வரி விழும். ஆகவே ஏறக்குறைய 40 டாலர் 60 காசு. துணிக்கு அங்கே தனியாகச் சுங்கத் தீர்வை கிடையாது என்பதால் வரி அதோடு முடிந்தது. கூரியர் நிறுவனத்தின் கட்டணம் வேறு. நாணய மாற்று விகிதத்தையும் அவர்களுடைய சுங்கத்துறை அறிவிப்பதைத்தான் கொள்வார்கள், நாம் கூகுளில் பார்த்தது செல்லாது. அதனால் 400க்கு மிக நெருக்கமாகப் போகாமல் 370, 380 டாலருக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது.

வைகைக் கரையோரம் சொன்னதில் பாதி சரி. வரியைக் கட்ட வேண்டியவர் வாங்குபவர்தான். ஆனால் "வேறு எந்தச் செலவும் இல்லை" என்று விற்பவரே எழுதிவிட்ட பிறகு அந்த வாதம் எடுபடாது. பேநௌ இணைப்பு தனிநபர்கள் ஒருவருக்கொருவர் பணம் அனுப்பிக்கொள்வதற்காக வந்தது, கடை வியாபாரத்துக்காக அன்று. ஒரே ஆர்டரை வேண்டுமென்றே பிரிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே அனுப்புநர், ஒரே முகவரி, ஒரே நாள் என்றால் சேர்த்துப் பார்க்கக் காரணம் கிடைத்துவிடும். உண்மையிலேயே இரண்டு வீடுகள் தனித்தனியாக வாங்கியிருந்தால் அது வேறு.

இன்னொன்று: "உலகெங்கும்" என்று எழுதிவிட்டு ஒரு நாட்டின் வரம்பை எல்லா நாட்டுக்கும் பொருத்தாதீர்கள். அமெரிக்காவுக்கு 800 டாலர் வரை வரியில்லை என்று பழைய கேப்ஷன்களில் இன்றும் காண்கிறேன். அந்தச் சலுகை 2025 ஆகஸ்ட் 29 முதல் இல்லை.

சின்னாளபட்டித் தம்பிக்கு: அப்பளம் உணவுப் பொருள், அதற்கு ஒவ்வொரு நாட்டிலும் வேறு விதி. சேலைப் பெட்டிக்குள் வைத்தால் சேலையும் சேர்ந்து நின்றுவிடும்.

உசிலம்பட்டிக்காரி (சிங்கப்பூர்)

வாங்குபவர் பக்கத்திலிருந்து ஒரு சொல். 40 டாலர் கட்டுவது எங்களுக்குப் பெரிய வருத்தமில்லை. வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் வாசலில் நின்று கேட்பதுதான் வருத்தம். இங்கே பெரிய விற்பனைத் தளங்களில் 2023 முதல் குறைந்த விலைப் பொருளுக்கும் பணம் கட்டும்போதே வரியைச் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். அதனால் உங்களிடம் கட்டிய தொகையிலும் வரி அடங்கிவிட்டது என்று நாங்களாகவே எண்ணிக்கொள்கிறோம். அடங்கவில்லை என்றால் தொகையோடு முன்பே சொல்லிவிடுங்கள்.

நாட்களைப் பற்றியும் ஒன்று கேட்க வேண்டும். அந்த 7 நாட்கள் எந்த நாளிலிருந்து?

சுங்குடிப் பெட்டி (மதுரை)

நியாயமான கேள்வி, அக்கா. கூரியர் நிறுவனத்தின் பக்கத்தில் பார்த்த எண்ணை அப்படியே எழுதிவிட்டேன். இன்று என் நோட்டை எடுத்துக் கடைசியாகச் சிங்கப்பூருக்குச் சென்ற 14 பார்சல்களைப் பார்த்தேன். கூரியரில் போனவை 4 முதல் 9 நாட்களில் சேர்ந்திருக்கின்றன. அஞ்சல் வழியே போனவற்றில் ஒன்று 19 நாட்கள் எடுத்திருக்கிறது. அதற்கு மேல், கையிருப்பில் இல்லாத நிறமென்றால் சாயப்பட்டறையில் காத்திருக்க வேண்டும். ஐப்பசி மழையில் வைகைப் பக்கம் சேலை காயவே இரண்டு மூன்று நாட்கள் கூடுதலாகப் பிடிக்கும், தீபாவளி ஆர்டர்களும் அப்போதுதான் வந்து குவியும். இந்த நாட்களை நான் எங்குமே எழுதியதில்லை.

சரக்குப் பத்திரம்

அப்படியானால் பேபால் புகாருக்கும் விடை கிடைத்துவிட்டது. நீங்கள் 7 என்று எழுதினீர்கள், அவர் எட்டாம் நாள் புகார் செய்தார். அவர் மீது தவறில்லை. பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாட்கள் வரை அங்கே புகார் எழுப்ப முடியும் என்பதால் அவசரத் தேதி போட்டு உங்களையே மாட்டிவைத்துக்கொள்ள வேண்டாம். சேலை தயாராகும் நாட்களையும் பயண நாட்களையும் இரண்டு தனி எண்களாக எழுதுங்கள். பயண நாட்களுக்கு உங்கள் நோட்டின் எண்ணையே போடுங்கள்.

பணம் பெறும் வழியில் "ஜிபே" என்ற ஒற்றைச் சொல்தான் எனக்கு உறுத்துகிறது. யாருடைய கணக்கிலிருந்து வருகிறது?

சுங்குடிப் பெட்டி (மதுரை)

பெரும்பாலும் அண்ணாநகரிலோ திருமங்கலத்திலோ இருக்கும் அவர்களுடைய தங்கை அல்லது மாமா அனுப்புவார்கள், ஐயா. பேபாலில் எனக்கு நூற்றுக்கு நான்கு ரூபாய்க்கு மேல் பிடித்தம் போய்விடுவதால் நானும் அதையே விரும்பினேன்.

சரக்குப் பத்திரம்

அதுதான் சிக்கல். சரக்கு வெளிநாட்டுக்குப் போயிருக்கிறது, பணமோ உள்ளூர்த் தங்கையின் கணக்கிலிருந்து வந்திருக்கிறது; ஏற்றுமதிக்குரிய பணம் வந்தது என்று வங்கியில் பொருத்திக் காட்ட முடியாது. வாங்குபவருக்கு இங்கே என்ஆர்இ கணக்கு இருந்து, அவரே தம் சிங்கப்பூர்க் கைபேசி எண்ணை யூபிஐயில் இணைத்து அனுப்பினால் அது வேறு. அந்தக் கணக்கில் இருப்பது வெளிநாட்டிலிருந்து வந்த பணம். ஆனால் அதை உங்கள் வங்கி எந்தக் காகிதத்தோடு ஏற்கும் என்பதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கிளைக்குக் கிளை வெவ்வேறு விதமாகக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

சுங்குடிப் பெட்டி (மதுரை)

எல்லாவற்றையும் சேர்த்து இப்படி எழுதியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்:

"சிங்கப்பூர் ஆர்டர்: இறக்குமதி வரி எங்கள் விலையில் அடங்காது.
சேலையும் அனுப்பும் செலவும் சேர்ந்து 400 சிங்கப்பூர் டாலரைத் தாண்டினால், முழுத் தொகைக்கும் 9% வரியும் கூரியரின் கட்டணமும் நீங்கள் அங்கே செலுத்த வேண்டும். தாண்டுமா என்பதை, பணம் கட்டும் முன்பே தோராயத் தொகையுடன் சொல்லிவிடுவோம்.
கையிருப்புச் சேலை 2 நாளில் கிளம்பும். சொல்லிச் செய்வது 12 முதல் 15 நாள், மழைக்காலத்தில் இன்னும் சில நாள். கிளம்பிய பின் கூரியரில் 4–9 நாள், அஞ்சலில் 19 நாள் வரை.
பணம்: பேபால், வங்கிப் பரிமாற்றம், உங்கள் சொந்த என்ஆர்இ கணக்கிலிருந்து யூபிஐ. முழுத் தொகையும் முன்பணம். பெட்டியின் மீது உண்மை விலையே எழுதப்படும்.
மற்ற நாடுகளுக்கு, ஆர்டருக்கு முன் கேளுங்கள்."

உசிலம்பட்டிக்காரி (சிங்கப்பூர்)

நன்றாக இருக்கிறது. கைபேசியில் முதல் ஓரிரு வரிகள் மட்டுமே தெரியும், மீதி மறைந்துவிடும். வரிச் செய்தியை மேலே வைத்தது சரியான இடம்.

வைகைக் கரையோரம்

முதல் வரியிலேயே "வரி" என்று பார்த்தால் பாதிப் பேர் படத்தைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்களே. நான் சேலையைப் பற்றித்தான் முதலில் எழுதுவேன். பிரித்து அனுப்பியதில் எனக்கு இதுவரை ஒருமுறைகூட வரி வந்ததில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

சரக்குப் பத்திரம்

வராமல் இருந்ததற்கும் வராது என்பதற்கும் உள்ள தூரம் பெரியது, தம்பி. கேப்ஷனில் ஒரே ஒரு திருத்தம்: "அஞ்சலில் 19 நாள் வரை" என்பதை "இதுவரை அஞ்சலில் அதிகபட்சம் 19 நாள்" என்று மாற்றுங்கள். முன்னது நீங்கள் கொடுக்கும் வாக்கு, பின்னது நடந்த கணக்கு.

சுங்குடிப் பெட்டி (மதுரை)

மாற்றிவிட்டேன், ஐயா. முதல் வரியில் சேலையா வரியா என்பதை இரண்டு படங்களில் இரண்டு விதமாகப் போட்டுப் பார்க்கப் போகிறேன். என்ஆர்இ விவரத்தை வெள்ளிக்கிழமை ஆடிட்டரைப் பார்த்த பிறகு இங்கே எழுதுகிறேன்.