"மருத்துவரை அணுகி நிறுத்தவும்": இந்த ஒரு வரி போதுமா?

வைகைக்கரை:
ரீகால் கடிதத்தைத் தமிழாக்க எதற்கு இவ்வளவு அலட்டல்? 2021இல் பிலிப்ஸ் தன் மூச்சுக் கருவிகளைத் திரும்பப் பெற்றதே, அதையே எடுத்துக்கொள்ளுங்கள். "மருத்துவரை அணுகி, கருவியின் பயன்பாட்டை நிறுத்தவும்." ஒரே வரி, வேலை முடிந்தது. இதற்குப் போய்ப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள்.

மஞ்சள்நோட்டு:
வென்டிலேட்டரில் ஒருவர் படுத்திருக்கும் வீட்டில் இந்த வரியைப் படித்தால் என்ன ஆகும்? அந்த ஜூன் 14 அன்று அமெரிக்காவில் பிலிப்ஸ் விட்ட அறிவிப்பு ஆட்களை இரண்டாகப் பிரித்தது. தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபேப், பைபேப் போடுகிறவர்கள் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேச வேண்டும். ட்ரிலஜி மாதிரி உயிர்காக்கும் வென்டிலேட்டரில் இருப்பவர்கள் மருத்துவரிடம் பேசும் வரை நிறுத்தவே கூடாது. சத்தத்தை அடக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து, துகளும் வாயுவும் மூச்சோடு போகலாம் என்பது ஆபத்துதான், ஆனால் கருவியை அணைத்து மூச்சே நின்றுபோனால் அது உடனடி ஆபத்து. உங்கள் வரியில் இரண்டு கூட்டமும் ஒன்றாகிவிட்டது.

வைகைக்கரை:
"மருத்துவரை அணுகி" என்று முதலிலேயே போட்டிருக்கிறேனே, கண்ணில் படவில்லையா?

மஞ்சள்நோட்டு:
பட்டது ஐயா, பிரச்சினையே அதுதான். "கடைக்குப் போய்ப் பால் வாங்கு" என்றால் வாங்குவது முடிவாகிவிட்டது, கடைக்காரரிடம் அனுமதி கேட்கச் சொல்லவில்லை. "அணுகி நிறுத்தவும்" என்பதும் அப்படித்தான் காதில் விழும். டாக்டர் வேண்டாம் என்று சொல்லவும் வாய்ப்பிருக்கிறது என்பது அந்த வாக்கியத்தில் எங்கே இருக்கிறது? வென்டிலேட்டர் வீட்டுக்குப் போகும் கடிதத்தில் "மருத்துவரிடம் பேசும் வரை இதை நிறுத்தாதீர்கள், அளவுகளையும் மாற்றாதீர்கள்" என்று தடையைத்தான் முதல் வரியாகப் போட வேண்டும்.

நிலாமுற்றம்:
எங்கள் அம்மாவுக்கும் தூங்கும்போது போடுகிற மிஷின் இருக்கிறது, வேறு கம்பெனி. ஃபில்டரில் கறுப்பாகப் படிகிறது. இதுவும் அந்த ரீகாலா? கடையில் பணம் திருப்பித் தருவார்களா?

மஞ்சள்நோட்டு:
ஃபில்டர் காற்று உள்ளே நுழையும் பக்கம் இருப்பது, அங்கே படிவது பெரும்பாலும் அறைத் தூசிதான். நுரைப்பஞ்சுத் துகள் என்றால் காற்று வெளியே வரும் பக்கம், குழாயிலும் மாஸ்க்கிலும் பாருங்கள். கறுப்பாக எதுவும் இல்லை என்பதால் நல்ல கருவி என்றும் சொல்ல முடியாது, வாயு கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் கடிதத்தில் "துகள் தெரிந்தால்" என்று தமிழில் சேர்த்துவிடக் கூடாது என்கிறேன். உங்கள் கருவி வேறு கம்பெனி என்பதால் அதன் மாடல் பெயரையும் சீரியல் நம்பரையும் குறித்துக்கொண்டு அந்தக் கம்பெனியிடமே கேளுங்கள். பணம் பற்றித் தெரியாது.

திருச்சிக்காரன்:
மஞ்சள்நோட்டும் பாதிதான் சொல்கிறார். ஜூன் 30 அன்று, மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ வெளியிட்டதைப் படித்தீர்களா? சிபேப்காரர்களும் டாக்டரிடம் பேசி முடிவு செய்யட்டும், நிறுத்துவது, வேறு கருவிக்கு மாறுவது, இதையே தொடர்வது எல்லாமே வழிகள்தான் என்றது. நீங்கள் இன்னும் "நிறுத்திவிட்டு" என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

மஞ்சள்நோட்டு:
நான் சொன்னது ஜூன் 14 கடிதம். நீங்கள் சொல்வது அதற்குப் பின்னால் வேறு ஆள் சொன்னது. மொழிபெயர்ப்பவர் இரண்டையும் கலந்து தன் கருத்தை எழுத முடியாது. தலைப்பிலேயே எந்தத் தேதிக் கடிதம், யார் அனுப்பியது என்று இருக்க வேண்டும். பழைய தாளும் புதிய தாளும் ஒரே வீட்டில் கிடந்தால் எதை நம்புவது?

வைகைக்கரை:
எல்லாம் சரி, முதலில் "வென்டிலேட்டர்" என்று எழுதுவதை நிறுத்துங்கள். செயற்கைச் சுவாசக் கருவி என்று அழகான தமிழ் இருக்கும்போது எதற்கு இந்த அடிமைத்தனம்?

மஞ்சள்நோட்டு:
சிபேப் வைத்திருப்பவரும் தன்னுடையது செயற்கைச் சுவாசக் கருவி என்றுதான் நினைப்பார். எந்தக் கூட்டம் நான் என்பதே அவருக்குத் தெரியாமல் போகும். கருவி மேல் அச்சிட்டிருக்கும் பெயரை அதே ஆங்கில எழுத்தில் போட்டு, பக்கத்தில் தமிழில் எழுதுங்கள். வீட்டில் இருப்பவர் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

திருச்சிக்காரன்:
தமிழ்ப்பற்று பற்றி வைகைக்கரை பேசுவது வேடிக்கைதான். போன முறை இன்சுலின் பேனா கடிதத்தில் "யூனிட்"டை "மில்லி" ஆக்கியது யார்?

வைகைக்கரை:
அது பிழை திருத்தியவர் செய்தது, நூறு தடவை சொல்லிவிட்டேன்!

மஞ்சள்நோட்டு:
இதே நுரைப்பஞ்சு விஷயத்தில் 2022 மார்ச்சில் எஃப்டிஏ, ரீகால் பற்றி இன்னும் தெரியாத ஆட்கள் இருக்கிறார்கள், ஒழுங்காகத் தெரிவியுங்கள் என்று பிலிப்ஸுக்கு உத்தரவே போட்டது. ஆங்கிலம் தெரிந்த ஊரிலேயே அந்த நிலை. நீங்கள் ஒரு வரி போதும் என்கிறீர்கள்.

வைகைக்கரை:
ஆமாம், போதும். "அணுகி" என்றால் அணுகித்தான். தமிழ் தெரிந்தவனுக்குப் புரியும்.

நிலாமுற்றம்:
ஓசோன் போட்டுச் சுத்தம் செய்கிற பெட்டி ஒன்றும் அந்தக் கடையில் விற்றார்கள். அதைப் போடலாமா?

மஞ்சள்நோட்டு:
போடாதீர்கள். ஓசோன் பட்டால் அந்த நுரைப்பஞ்சு இன்னும் சீக்கிரம் சிதையும் என்று அந்த அறிவிப்புகளிலேயே எச்சரித்திருந்தார்கள். உங்கள் கம்பெனி கருவியில் என்ன பஞ்சு இருக்கிறதோ தெரியாது, கையேட்டில் சொல்லாத எதையும் போட வேண்டாம். வைகைக்கரை, உங்கள் ஒரே வரியில் இந்த ஓசோனை எங்கே வைப்பீர்கள்?

வைகைக்கரை:
அதற்கு இன்னொரு வரி எழுதிக்கொள்வேன். உங்களைக் கேட்டுத்தான் எழுத வேண்டுமா?