எஸ்கியூஎஸ் எண்கள் குழம்புகின்றன: அட்டைகளைத் தொடர்வதா, விடுவதா?

மதுரன்: அமேசான் கிளவுட் சான்றிதழுக்கான SAA-C03 சோதனைக்கு, அன்கி என்ற மனப்பாட அட்டைச் செயலியில் யாரோ பகிர்ந்த அட்டைத் தொகுப்பை இறக்கிப் படிக்கிறேன். செய்திகளை வரிசையில் வைத்திருக்கும் எஸ்கியூஎஸ் சேவை வந்தால் 30 வினாடி, 12 மணி, 4 நாள், 14 நாள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. தொடர்வதா, விட்டுவிட்டு மாதிரிக் கேள்விகள் செய்வதா?

கஜன்: விடுங்கள். 65 கேள்வி, 130 நிமிடம், எல்லாமே ஒரு நிறுவனத்தின் கதையைச் சொல்லி "எது பொருத்தம்" என்று கேட்பவை. "அதிகபட்சம் எத்தனை நாள்" என்று யாரும் கேட்பதில்லை. இது ஓ.எல். சரித்திரப் பாடத்துக்கு ஆண்டு பாடமாக்குவது மாதிரி. நான் ஒரு அட்டையும் இல்லாமல்தான் பாஸ் பண்ணினேன்.

தர்ஷினி: எண் கேள்வியாக வராது, அது சரி. ஆனால் விடையைக் கழிக்க எண்தான் வேண்டும். ஒரு வீடியோவை மாற்ற 40 நிமிடம் பிடிக்கும் என்று கேள்வியில் நடுவில் ஒரு வரி கிடக்கும். சேர்வர் இல்லாமல் கோட் ஓட்டும் லாம்டா 15 நிமிடத்தோடு நின்றுவிடும் என்று தெரிந்தவருக்கு அந்த இடத்திலேயே ஒரு விடை விழுந்துவிடும், தெரியாதவர் நாலையும் வைத்துக்கொண்டு முழிப்பார்.

மதுரன் தம்பி, உங்கள் சிக்கல் ஞாபகசக்தியில் இல்லை. நாலு அட்டையும் "எஸ்கியூஎஸ்-இல் இது எவ்வளவு?" என்று ஒரே முகத்தோடு இருக்கும். அப்படி இருந்தால் எவருக்கும் கலக்கும். நாலையும் நிறுத்திவிட்டு இரண்டு எழுதுங்கள்.

முதலாவது: "ஓடரைச் செயலாக்க 3 நிமிடம். வாடிக்கையாளரிடம் இரண்டு தரம் காசு வெட்டுப்படுகிறது. ஏன்?" விடை: எடுத்த செய்தி மற்றவர்களுக்கு மறைந்திருப்பது, நாம் மாற்றாவிட்டால், 30 வினாடிதான். அதற்குள் முடித்து அழிக்கவில்லை என்றால் இன்னொரு வேர்க்கர் அதையே எடுக்கும். அந்த நேரத்தைக் கூட்டவேண்டும், 12 மணி வரை கூட்டலாம்.

இரண்டாவது: "செய்திகளை எடுக்கும் சேர்வர் வெள்ளிக்கிழமை விழுந்தது, அடுத்த வியாழன் எழுந்தது. கியூவில் முதல் நாள் செய்திகளைக் காணவில்லை. ஏன்?" விடை: வழமையாக 4 நாள்தான் வைத்திருக்கும், 14 நாள் வரை நீட்டலாம்.

ஒரே அட்டையில் எட்டுத் தரம் பிழைவிட்டால், அமைப்பை மாற்றாதவரை, அன்கியே leech என்று குறியிடும், அமைப்பைப் பொறுத்து நிறுத்தியும்விடும். அதைத் திரும்ப எழுப்பாதீர்கள், கேள்வியை மாற்றி எழுதுங்கள்.

ரமீஸ்: எனக்கு எண் பரவாயில்லை, பெயர்தான் தலையிடி. நான் மைக்ரோசொஃப்ட்டின் அஷூர் பக்கம். அஷூர் அக்டிவ் டிரெக்டரி என்று படித்து முடிக்க, 2023இல் என்ட்ரா ஐடி ஆக்கிவிட்டார்கள். அப்புறம், வெசாக் லீவுக்கு அன்கியைத் திறக்கவே இல்லை. அடுத்த நாள் வெள்ளவத்தையில் ரெயின் ஏறித் திறந்தால் மலை போல அட்டை, கோட்டையில் இறங்கும்போதும் பாதி முடியவில்லை. அதற்கு என்ன வழி?

தர்ஷினி: ரமீஸ், பாக்கி தீரும்வரை ஒரு நாளைக்குரிய புதிய அட்டையைப் பூச்சியமாக்குங்கள். பழையதை மட்டும் பாருங்கள்.

கஜன்: அக்கா, அட்டை நல்லாயிருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரமீஸ் சொன்னது எண்ணுக்கும் பொருந்தும். எஸ்கியூஎஸ் செய்தி ஒன்றின் உச்ச அளவு 256 கேபி என்றுதான் பகிர்ந்த தொகுப்பு முழுக்க இருக்கும். 2025 ஓகஸ்டில் அதை 1 எம்பி ஆக்கிவிட்டார்கள். அட்டை என்ன செய்யும்? பிழையை இன்னும் ஆழமாக உள்ளே இறக்கும். வாசித்து மறந்தவரே பரவாயில்லை, அவர் ஆவணத்தைத் திறந்து பார்ப்பார்.

தர்ஷினி: இதில் உங்களோடு வாதாட மாட்டேன். அதனால்தான் பிறர் தொகுப்பை அப்படியே எடுக்காதே என்கிறேன். எண் உள்ள அட்டைக்கு "எல்லை" என்று ஒரு டேக் போட்டு, சோதனைக்கு முன் இதைத் தேடுங்கள்:

```
tag:எல்லை -edited:180
```

ஆறு மாதமாகக் கை வைக்காத அட்டைகள் வரும். ஒவ்வொன்றையும் ஆவணத்தோடு ஒப்பிட்டு, பார்த்த மாதத்தை விடையில் எழுதிவிடுங்கள். அப்படித் திருத்தினதும் அவை இந்தத் தேடலில் இருந்து போய்விடும்.

மதுரன்: சரி அக்கா, நாலையும் நிறுத்திவிட்டேன். ஒரு சந்தேகம். 800 கேபி செய்தி என்று கேள்வி வந்தால்? பழைய விடை, உள்ளடக்கத்தை எஸ்3 சேமிப்பகத்தில் வைத்து, அதைக் காட்டும் குறிப்பை மட்டும் கியூவில் அனுப்பு என்பது. இப்போது நேரடியாகவே அனுப்பலாமே.

கஜன்: புதிய எண்ணைத்தான் எடுக்கவேண்டும். உண்மை அதுதானே.

தர்ஷினி: கேள்வி எழுதப்பட்டது எப்போது என்று நமக்குத் தெரியாதே கஜன். விடைகளைப் பாருங்கள் தம்பி. "நேரடியாக அனுப்பு" என்று ஒன்றுமே இல்லை, எஸ்3 மட்டும் இருக்கிறது என்றால் அது பழைய கேள்வி. இரண்டும் இருந்தால் நான் புதியதைப் போடுவேன், ஆனால் மனம் நிம்மதியாக இராது.

கஜன்: பார்த்தீர்களா, கடைசியில் கேள்வியை வாசிக்கத்தான் தெரியவேண்டும்.

தர்ஷினி: 256 என்று ஒரு காலம் இருந்தது தெரியாமல் அதை எப்படி வாசிப்பீர்கள்?