அறுந்த விரலைத் திரும்பப் பொருத்துவதற்கு ஒரு சொல்

வணக்கம். விரல் அறுந்து வருகிறவர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது பற்றி, கிராமத்து ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு பக்க அறிவுறுத்தல் எழுதுகிறேன். 'றீபிளான்டேசன்' என்ற இடத்தில் நிற்கிறேன். 'ஒட்டறுவை' என்று போட்டிருக்கிறேன். ஒட்டு மாங்கன்று தெரியாத ஆள் யாழ்ப்பாணத்தில் இல்லையே. சரிவருமா?
— மொழிபெயர்ப்பாளர், நல்லூர்

தம்பி, 'ஒட்டு' வேண்டாம். அதைத் தோல் ஒட்டுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். மாங்கன்றில் இரண்டு வெட்டுமுகத்தையும் சேர்த்துக் கட்டிவிட்டால் மிச்சத்தை மரமே பார்த்துக்கொள்ளும். தோல் ஒட்டும் அப்படித்தான், கீழேயிருக்கும் சதையிலிருந்து இரத்தம் மெல்ல மெல்ல ஏறும். விரல் அவ்வளவு நாள் காத்திராது. எலும்பைக் கம்பியால் நிறுத்தி, தசைநாணைத் தைத்து, பிறகு ஒரு மில்லிமீற்றர் அளவான நாடியை நுணுக்குக்காட்டிக்குக் கீழே, தலைமயிரிலும் மெல்லிய நூலால் தைக்கவேண்டும். நரம்பும் நாளமும் அதேபோலத்தான். நாடி அடைபட்டால் விரல் வெளிறிக் குளிரும். நாளம் அடைபட்டால் ஊதா நிறமாகி வீங்கும். இரத்தக்குழாயை இணைப்பதுதான் இந்தச் சத்திரசிகிச்சை, சொல்லிலும் அது தெரியவேண்டும்.
— பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை டொக்டர்

'மீள்நடுகை' என்றால் என்ன? ஆங்கிலத்திலும் நடுகிற கருத்துத்தானே. ஒரு சந்தேகமும் இருக்கிறது, டொக்டர். என்ர மச்சானுக்கு வாளில் சுட்டுவிரல் போனது. விரலைக் கையோடு கொண்டுபோயும் பொருத்தவில்லை, மூடித் தைத்து அனுப்பிவிட்டார்கள். அக்கறையில்லாமல் செய்த வேலை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சாவகச்சேரி

ஐயா, 'மீள்நடுகை' மலையகத்தில் தேயிலைக்குப் போய்விட்டது. மச்சானின் விரல் எந்த இடத்தில் அறுந்தது என்று தெரியாமல் தீர்ப்புச் சொல்லமாட்டேன். ஆனால் ஒற்றைச் சுட்டுவிரல், அடிமூட்டுக்கும் நடுமூட்டுக்கும் இடையில் போனால், பொருத்தினாலும் பெரும்பாலும் மடங்காத விரலாக நிற்கும். ஆள் அதை ஒதுக்கிவிட்டு நடுவிரலால் வேலைசெய்யப் பழகிவிடுவார். பெருவிரல் என்றால் கதை வேறு, அது இல்லாவிட்டால் கை எதையும் பிடிக்காது. பெருவிரல், ஒன்றுக்கு மேற்பட்ட விரல்கள், குழந்தையின் எந்த விரலென்றாலும் முயன்று பார்ப்போம். நசிந்தோ பிய்ந்தோ வந்தால் பெருவிரல்கூடக் கைவிட்டுப் போகலாம்.
— டொக்டர்

சொல்லில் என்ன இருக்கு? கிடைத்த விரலை ஐஸில போட்டுக்கொண்டு ஓடுங்கோ. முதலுதவி வகுப்பில் நான் சொல்லுறது இதுதான்.
— முதலுதவித் தொண்டர், மானிப்பாய்

அண்ணை, அந்த 'ஐஸில போட்டு' என்பதைத்தான் திருத்தவேண்டும். நான் விபத்துப் பிரிவில் பார்த்ததைச் சொல்கிறேன். தச்சுவேலை செய்கிறவர், இடது பெருவிரல், வட்டவாள் வெட்டியது. வெட்டு சுத்தம், பொருத்தக்கூடிய விரல்தான். ஆனால் ஐஸ்கிறீம் பெட்டியில் வெறும் ஐஸ்கட்டிக்குள் புதைத்துக் கொண்டுவந்தார்கள். எடுத்தபோது ஒரு பக்கம் மெழுகு மாதிரி வெள்ளையாய், கட்டையாய் இருந்தது. உறைந்த சதைக்குள் இரத்தக்குழாயும் பழுதாகும். அனுப்பிய இடத்தில் நாடியைத் தைத்தும் இரத்தம் ஓடவில்லை, மூன்றாம் நாள் கறுத்துவிட்டது.

செய்யவேண்டியது இவ்வளவுதான். விரலைச் சேலைனால் மெதுவாகக் கழுவுங்கோ, தேய்க்காதேங்கோ. சேலைனில் நனைத்துப் பிழிந்த கோஸ் துணியால் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டுங்கோ. அந்தப் பையை, தண்ணீரும் ஐஸும் கலந்த ரெஜிபோம் பெட்டிக்குள் வையுங்கோ. விரலில் ஐஸ் படக்கூடாது, சேலைனுக்குள் ஊறப்போடவும் கூடாது. கைப்பக்கம் துணி வைத்து அழுத்தி உயர்த்திப் பிடித்தால் போதும். இரத்தம் வருகிற இடத்தைக் கவ்வியால் பிடித்தால், டொக்டர் தைக்கவேண்டிய குழாய்முனையையே நசித்துவிடுவோம்.
— தாதி உத்தியோகத்தர்

தோலில் தொங்குகிற விரலை வெட்டி எடுத்துவிட்டு அனுப்பினால் வசதிதானே?
— முதலுதவித் தொண்டர்

வேண்டாம் அண்ணை. அந்தத் தோலுக்குள் ஒரு நாளம் ஓடிக்கொண்டிருக்கலாம். அப்படியே நேராக வைத்து, மட்டை கட்டி அனுப்புங்கோ. அறுந்த நேரத்தைக் கட்டாயம் எழுதுங்கோ. குளிரில் வைத்த விரலுக்கு ஏறக்குறைய 24 மணித்தியாலம் இருக்கிறது, சும்மா கொண்டுவந்தால் 12க்குள், முந்தினால் நல்லது. கொழும்பு வரை 400 கிலோமீற்றர் போகவேண்டி வந்தாலும் விரல் தாங்கும். மணிக்கட்டோடு போன கை அவ்வளவு தாங்காது, அதில் தசை இருக்கிறது. அதற்குக் குளிரில்லாமல் 6 மணித்தியாலம்தான்.
— டொக்டர்

எல்லாருக்கும் நன்றி. 'மீள்பொருத்தல்' என்று மாற்றுகிறேன். 'துண்டைப் பையில் வைத்து நோயாளியுடன் அனுப்பவும்' என்ற வரியும் இருக்கிறது.
— மொழிபெயர்ப்பாளர்

துண்டு என்றால் எங்கட ஆட்கள் கிளினிக் துண்டைத்தான் பையில் வைத்து அனுப்புவார்கள்! 'அறுந்த விரல்' என்றே எழுதுங்கோ.
— தாதி உத்தியோகத்தர்

'பொருத்தல்' செயற்கைக் காலுக்கும் சொல்கிறோம். 'மீள்' என்ற ஒன்று போதுமா? இரத்தக்குழாய் இன்னும் சொல்லுக்குள் வரவில்லை. 'குருதியிணைப்பு' என்று யோசித்துப் பாருங்கள்.
— ஆசிரியர்

அதைப் பார்த்தால் இரத்தம் ஏற்றுவது என்று நினைப்பார்கள், ஐயா. நாளை அச்சுக்குக் கொடுக்கவேண்டும். இப்போதைக்கு 'மீள்பொருத்தல்' போகட்டும்.
— மொழிபெயர்ப்பாளர்